பஞ்சுக்கு எவ்வளவு, கொட்டைக்கு எவ்வளவு?

பருத்தி அரவை ஆலை நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களில், ஆண்டுக் கணக்கை முடிக்கும் காலத்தில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். “ஒரு குவிண்டால் பஞ்சின் அடக்கவிலை என்ன? ஒரு குவிண்டால் பருத்திக்கொட்டையின் அடக்கவிலை என்ன?” என்பதே அது. கேட்பதற்கு எளிய கேள்வியாகத் தோன்றினும், இதற்கு விடை கூறுவது எளிதன்று. தவறான விடையால் இல்லாத லாபம் இருப்பதாகத் தோன்றும்; உள்ள லாபம் மறைந்தும் போகும். பருத்தி கொடுத்த பயிர்த் தொழிலாளியும் பஞ்சை நூலாகப் பெற விரும்பும் நெசவாளியும் ஒருவரையொருவர் ஐயுறும் நிலையும் இதனால் உண்டாகிறது. ஆகவே இக்கணக்கின் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளுதல் நலம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் ஆகிய மூன்றும் தெரிந்தவர்க்கு இது விளங்கும்.

ஒரே செலவு, இரண்டு பொருள்

வயலிலிருந்து வரும் பருத்தியில் பஞ்சும் கொட்டையும் ஒன்றோடொன்று பற்றியே இருக்கின்றன. பருத்திக்கு நாம் கொடுக்கும் விலை இரண்டிற்கும் சேர்த்துக் கொடுத்த விலையாகும். அரவை இயந்திரத்தின் தோல் உருளை பஞ்சைப் பற்றி இழுக்கிறது. கொட்டை கீழே விழுகிறது. அந்த ஒரு செயலினாலேயே இரண்டு பொருள்களும் பிறக்கின்றன. பஞ்சை மட்டும் எடுப்பதற்கு இவ்வளவு செலவு, கொட்டையை மட்டும் எடுப்பதற்கு இவ்வளவு செலவு என்று எந்த இயந்திரத்தையும் கூலியாளையும் காட்டிப் பிரித்துக் கூற இயலாது. பஞ்சு வேண்டுமென்று அரைத்தால் கொட்டை வந்தே தீரும்.

இவ்விதம் ஒரே செய்கையில் தவிர்க்கவியலாதபடி சேர்ந்து பிறப்பனவும், ஒவ்வொன்றும் தகுந்த விலை பெறுவனவுமான பொருள்களைக் கூட்டுப் பொருள்கள் என்கிறோம். அவை பிரியும் வரையில் ஆன செலவு கூட்டுச் செலவு. பிரிந்த பிறகு ஒரு பொருளுக்கென்றே செய்யும் செலவு, எடுத்துக்காட்டாகப் பஞ்சைப் பொதியாகக் கட்டும் செலவு, அந்தந்தப் பொருளையே சாரும். அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் பிரியும் இடத்திற்கு முன்னால் ஆன செலவைப் பற்றியதுதான்.

இவ்விரண்டோடு வேறொன்றும் அரவையில் வருகிறது. இயந்திரத்தின் அடியிலும் சுவரோரத்திலும் தங்கும் கழிவுப் பஞ்சைப் பெருக்கிச் சேர்த்து விற்றால் சிறிது பணம் வரும். அதற்காக யாரும் ஆலை வைப்பதில்லை. இத்தகையது உபபொருள் எனப்படும். உபபொருளுக்கென்று செலவில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டுவதில்லை. அதை விற்று வந்த பணத்தைக் கூட்டுச் செலவிலிருந்து கழித்துவிட்டால் போதும்.

கூட்டுப் பொருள் எது, உபபொருள் எது என்பது பொருளின் இயல்பால் அமைவதன்று. சந்தையில் அது பெறும் மதிப்பால் அமைவது. அமெரிக்க நாட்டில் 1793இல் எலி விட்னி என்பார் அரவை இயந்திரம் கண்டபின் பருத்தி பெருகிற்று. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுவதும் அங்கே கொட்டையிற் பெரும்பகுதி குப்பையாகவே குவிந்து கிடந்தது. சிறிது எருவாக இடப்பட்டது. அதிலிருந்து எண்ணெய் எடுத்துச் சுத்தம் செய்யும் தொழில் வளர்ந்த பின்னரே அது விலைபெற்ற பொருளாயிற்று. நம் நாட்டிலோ கறவை மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் கொட்டையை ஊறவைத்து ஆட்டி வைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. இன்று பருத்தியின் மொத்த மதிப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கொட்டையினுடையதாகவே இருக்கக் காண்கிறோம். அதனை உபபொருள் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

முதலில் எடை நேராக வேண்டும்

பங்கீட்டில் இறங்குமுன் எடைக் கணக்கை நேராக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே சென்ற பருத்தியின் எடையும், வெளியே வந்த பஞ்சு, கொட்டை, கழிவு, சேதாரம் ஆகியவற்றின் மொத்த எடையும் ஒத்திருத்தல் அவசியம். பொதுவாக நூறு கிலோ பருத்தியில் முப்பத்து மூன்று முதல் முப்பத்தாறு கிலோ வரை பஞ்சு கிடைக்கும். வகைக்கு வகை இது மாறும். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974இல் வெளியிடப்பட்ட சுவின் போன்ற மிக நீண்ட இழைப் பருத்தியில் பஞ்சின் வீதம் இதனினும் குறைவு. அதன் விலையோ அதிகம். ஆதலால் வகைகளைக் கலந்து ஒரே கணக்காக எழுதாமல், வகைதோறும் தனித்தனி அரவைக் கணக்கு வைப்பதே முறை.

சேதாரம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் தூசியும், உலர்ந்துபோன ஈரமுமே. ஈரப்பருத்தியை வாங்கியிருந்தால் சேதாரம் கூடும். சேதாரம் வழக்கத்திற்கு மேல் இருமடங்காகக் காணப்பட்டால், வாங்கிய தராசையும் ஈரத்தையும் முதலில் ஆராய வேண்டும். எடை நேராகாத கணக்கைப் பங்கிட்டுப் பார்ப்பது வீண் வேலை.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கீழே காட்டும் விலைகள் கணக்கின் வசதிக்காகக் கொண்டவை; அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் விலைகளை அவ்விடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

ஒரு சங்கம் 1,000 குவிண்டால் பருத்தி வாங்கி அரைத்தது. கணக்கு வருமாறு:

பருத்தி 1,000 குவிண்டால், குவிண்டால் ரூ. 6,800 வீதம்: ரூ. 68,00,000
அரவைக் கூலி, மின்சாரம், பழுது முதலியன: ரூ. 2,76,000
மொத்தம்: ரூ. 70,76,000
கழிக்க, கழிவுப் பஞ்சு விற்ற வகையில்: ரூ. 20,000
நிகரக் கூட்டுச் செலவு: ரூ. 70,56,000

கிடைத்தவை: பஞ்சு 350 குவிண்டால், கொட்டை 630 குவிண்டால், கழிவும் சேதாரமும் 20 குவிண்டால். ஆலை வாசலில் பஞ்சு குவிண்டால் ரூ. 16,200க்கும், கொட்டை குவிண்டால் ரூ. 3,000க்கும் விலை போகின்றன. பஞ்சின் மதிப்பு ரூ. 56,70,000; கொட்டையின் மதிப்பு ரூ. 18,90,000, ஆக ரூ. 75,60,000. செலவு போகச் சங்கத்திற்கு நிற்பது ரூ. 5,04,000. இந்தத் தொகையில் யாருக்கும் ஐயமில்லை. இதில் பஞ்சு ஈட்டியது எவ்வளவு, கொட்டை ஈட்டியது எவ்வளவு என்பதே கேள்வி.

எடைப்படி பங்கிட்டால்

எல்லோர்க்கும் முதலில் தோன்றும் வழி எடைப்படி பங்கிடுதல். பஞ்சும் கொட்டையும் சேர்ந்து 980 குவிண்டால். ரூ. 70,56,000ஐ 980ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு ரூ. 7,200 ஆகிறது. அதாவது பஞ்சானாலும் கொட்டையானாலும் ஒரு குவிண்டாலின் அடக்கம் ரூ. 7,200.

இதன்படி, ரூ. 16,200க்கு விற்கும் பஞ்சில் குவிண்டாலுக்கு ரூ. 9,000 லாபம், 350 குவிண்டாலுக்கு ரூ. 31,50,000 லாபம். ரூ. 3,000க்கு விற்கும் கொட்டையில் குவிண்டாலுக்கு ரூ. 4,200 நஷ்டம், 630 குவிண்டாலுக்கு ரூ. 26,46,000 நஷ்டம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அதே ரூ. 5,04,000 வருகிறது. கூட்டுத் தொகை சரியாகவே இருக்கிறது; அதனாலேயே இம்முறையிலுள்ள பிழை பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிழை யாதெனில், பருத்திக்கு ரூ. 6,800 கொடுத்தவர் கொட்டையின் எடைக்காக அதைக் கொடுக்கவில்லை. பருத்தி வாங்குவோர் ஏலத்தில் கையை விட்டுப் பார்ப்பது பஞ்சின் நீளத்தையும் வெண்மையையும்தான். விலையின் பெரும்பகுதி பஞ்சின் பொருட்டே கொடுக்கப்படுகிறது. எடைப்படி பங்கிடுங்கால், பஞ்சுக்காகக் கொடுத்த பணத்தைக் கொட்டையின் தலையில் ஏற்றிவிட்டு, “கொட்டையால் நஷ்டம்” என்று கூறுகிறோம். கொட்டையைத் தெருவில் கொட்டிவிட்டால் அந்த நஷ்டம் தீருமா? தீராது, வருகின்ற ரூ. 18,90,000மும் போய்விடும்.

இதனால் எடைப்படி பங்கிடுவது எங்குமே ஆகாது என்று கொள்ளவேண்டாம். ஒரே பருத்தியிலிருந்து முதல் தரம், இரண்டாம் தரம் என விலையில் நெருங்கிய இரண்டு பஞ்சு வகைகளைப் பிரித்தால் அவற்றிற்கு எடையே போதுமான அளவுகோல். மூட்டை ஏற்றி இறக்கும் கூலி, வண்டி வாடகை போன்றவை எடையைப் பொறுத்தே ஆகின்றன. அவற்றை எடைப்படி பிரிப்பதே நியாயம். ஒரு குவிண்டாலின் விலைக்கும் மற்றொரு குவிண்டாலின் விலைக்கும் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு உள்ள இடத்தில்தான் எடை வழிதவறச் செய்கிறது.

சரக்கிருப்பில் நேரும் விபரீதம்

“மொத்த லாபம் எப்படியும் ஒன்றுதானே, எப்படிப் பங்கிட்டால் என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். எல்லாச் சரக்கும் விற்றுத் தீர்ந்துவிட்டால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் மார்ச் 31ஆம் தேதி கிடங்கில் சரக்கு இருக்குமாயின் நிலைமை வேறு.

மேற்சொன்ன சங்கம் அன்றைய தேதிக்குள் பஞ்சு முழுவதையும் விற்றுவிட்டது. கொட்டை முழுவதும் கிடங்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடைப்படி அடக்கம் கட்டினால், கொட்டை இருப்பின் மதிப்பு ரூ. 45,36,000 என்று ஐந்தொகையில் ஏறும். அவ்வாண்டு லாபம் ரூ. 31,50,000 என்று காணும். அங்கத்தினர் மகிழ்ந்து லாப ஈவும் போனசும் வழங்கத் தீர்மானிப்பார்கள். மறு ஆண்டு அந்தக் கொட்டை ரூ. 18,90,000க்கு விற்கும்போது ரூ. 26,46,000 நஷ்டம் வந்து நிற்கும். சென்ற ஆண்டு பங்கிட்டுக் கொடுத்த பணம் லாபமன்று, சங்கத்தின் முதலே என்பது அப்போதுதான் தெரியவரும்.

இதற்கு மாறாக, கொட்டை விற்றுப் பஞ்சு தங்கியிருந்தால், பஞ்சு இருப்பு ரூ. 25,20,000 என்று குறைவாக ஏறி, நல்ல நிலையிலுள்ள சங்கம் ரூ. 26,46,000 நஷ்டம் அடைந்ததாகக் காணும். கடன் கொடுக்கும் வங்கி அந்த ஐந்தொகையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளும். ஒரு கணக்கு முறை, ஒரே சங்கத்தை, எந்தச் சரக்கு முதலில் விலைபோயிற்று என்பதைக்கொண்டு செல்வனாகவும் ஏழையாகவும் மாறிமாறிக் காட்டுமாயின், அம்முறையில் குற்றம் உண்டென்பது வெளிப்படை.

சரக்கிருப்பை, அடக்கவிலை அல்லது விற்றால் கைக்கு வரும் நிகர மதிப்பு, இவ்விரண்டில் குறைவானதற்கே மதிப்பிட வேண்டும் என்ற விதி உண்டு. கவனமுள்ள தணிக்கையாளர் முதல் எடுத்துக்காட்டில் கொட்டையை ரூ. 18,90,000க்குக் குறைத்துவிடுவார்; பெரிய ஆபத்து நீங்கும். ஆனால் இரண்டாவது எடுத்துக்காட்டில் அந்த விதி உதவாது. குறைத்துக் கட்டிய பஞ்சை அது உயர்த்தித் தராது. ஆகவே விதியை நம்பித் தவறான பங்கீட்டை விட்டுவைத்தல் கூடாது.

விற்பனை மதிப்புப்படி பங்கிட்டால்

இனி இரண்டாவது முறையைப் பார்ப்போம். பிரியும் இடத்தில் பஞ்சின் மதிப்பு ரூ. 56,70,000; கொட்டையின் மதிப்பு ரூ. 18,90,000. இவை மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. கூட்டுச் செலவையும் அவ்விகிதத்திலேயே பிரிப்போம். ரூ. 70,56,000இல் முக்கால் பங்கான ரூ. 52,92,000 பஞ்சுக்கு, கால் பங்கான ரூ. 17,64,000 கொட்டைக்கு.

பஞ்சின் அடக்கம் குவிண்டாலுக்கு ரூ. 15,120 ஆகிறது, லாபம் மொத்தம் ரூ. 3,78,000. கொட்டையின் அடக்கம் குவிண்டாலுக்கு ரூ. 2,800, லாபம் மொத்தம் ரூ. 1,26,000. இரண்டும் சேர்ந்து ரூ. 5,04,000. இரண்டு பொருள்களும் தத்தம் விற்பனையில் பதினைந்தில் ஒரு பங்கு லாபம் ஈட்டுகின்றன. எந்தச் சரக்கு கிடங்கில் தங்கினாலும் ஐந்தொகை பொய் சொல்லாது. கொட்டை தங்கினால் அவ்வாண்டு லாபம் ரூ. 3,78,000, பஞ்சு தங்கினால் ரூ. 1,26,000. விற்ற பொருளின் லாபம் மட்டுமே விற்ற ஆண்டில் தோன்றுகிறது.

பிரியும் இடத்தில் உதிரிப் பஞ்சுக்குச் சந்தை விலை இல்லாத ஊர்களும் உண்டு. அங்கே பஞ்சைப் பொதியாகக் கட்டினால்தான் விலை கிடைக்கும். ஒரு பொதி 170 கிலோ. 350 குவிண்டால் பஞ்சு சுமார் 206 பொதிகள் ஆகும். பொதிப் பஞ்சு குவிண்டால் ரூ. 16,500க்கு விற்று, பொதி கட்டும் செலவு குவிண்டாலுக்கு ரூ. 300 ஆகுமானால், அந்த ரூ. 300ஐக் கழித்து, ரூ. 16,200ஐயே பிரியும் இடத்து மதிப்பாகக் கொள்ளவேண்டும். கழிக்காமல் ரூ. 16,500ஐ வைத்துப் பங்கிட்டால், பிரிந்தபின் செய்த செலவினால் ஏறிய விலைக்கும் கூட்டுச் செலவில் ஒரு பங்கு ஏறிவிடும்.

நெசவாளர் கேட்ட விலை

ஒரு சங்கத்தில் நான் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது இப்பொருள் பற்றி நிர்வாகக் குழுவில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. அச்சங்கத்தின் பஞ்சு, நெசவாளர் சங்கங்கள் பங்கு கொண்டுள்ள நூற்பாலைக்கு அடக்கவிலைக்கே தரப்பட வேண்டும் என்று பேச்சு. நெசவாளர் பிரதிநிதி ஒருவர், “நூறு கிலோ பருத்திக்கு நீங்கள் கொடுத்தது ஏழாயிரத்துக்கும் குறைவு. நூறு கிலோ பஞ்சுக்குப் பதினையாயிரம் அடக்கம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எடையைப் பார்த்து விலை சொல்லுங்கள்” என்றார். பருத்தி பயிரிடும் பெரியவர் ஒருவர், “அப்படியானால் கொட்டையையும் அதே விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி” என்று அமைதியாக விடை கூறினார்.

பெரியவர் கூறியதில் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் எடுத்துக்காட்டின் எண்களை இட்டுப் பாருங்கள். பஞ்சை ரூ. 7,200க்குக் கொடுத்தால் ரூ. 25,20,000 வரும். கொட்டையைச் சந்தையில் விற்றால் ரூ. 18,90,000 வரும். இரண்டும் சேர்ந்து ரூ. 44,10,000. செலவோ ரூ. 70,56,000. குறையும் ரூ. 26,46,000ஐப் பயிரிடுவோரே சுமக்க வேண்டும். ரூ. 15,120 வீதம் கொடுத்தால் பஞ்சுக்கு ரூ. 52,92,000 வரும், கொட்டையோடு சேர்ந்து ரூ. 71,82,000. சங்கத்தின் செலவு தீர்ந்து, கொட்டையின் லாபம் ரூ. 1,26,000 நிற்கும். அடக்கவிலைக்குக் கொடுப்பது என்பதன் பொருள் இதுவே.

ஆயினும் நெசவாளர் பக்கத்திலும் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இம்முறையில் கிடைக்கும் ரூ. 15,120 என்னும் அடக்கம் சந்தை விலையிலிருந்து பெறப்பட்டதே. பருத்தி அதே விலையில் வாங்கப்பட்டு, அரவைச் செலவும் அவ்வாறே இருக்க, பஞ்சின் சந்தை விலை மட்டும் ரூ. 18,000 ஆக ஏறியது என்று கொள்வோம். மதிப்பு விகிதம் பத்துக்கு மூன்று என்று மாறும். அதன்படி பஞ்சின் அடக்கம் சுமார் ரூ. 15,508 ஆகும், கொட்டையின் அடக்கம் சுமார் ரூ. 2,585 ஆகக் குறையும். சங்கம் ஒரு காசும் அதிகம் செலவழிக்கவில்லை. ஆனால் பஞ்சின் அடக்கம் ஏறக்குறைய ரூ. 388 ஏறிவிட்டது!

எனவே, “எங்கள் அடக்கம் இவ்வளவு, ஆகவே விலை இவ்வளவு” என்று வாதிப்பதற்கு இந்த எண் பயன்படாது. விலையிலிருந்து அடக்கத்தைப் பெற்று, அந்த அடக்கத்தைக் காட்டி விலையை நியாயப்படுத்துவது வட்டத்தில் நடப்பது போலாகும். பஞ்சை நெசவாளர்க்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்பதைச் சந்தை விலை, இரு சாராரின் ஒப்பந்தம் ஆகியவற்றைக்கொண்டு பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்யவேண்டும். அடக்கவிலைக்கே கொடுப்பதாக ஒப்பந்தமானால், எந்த நாள் அல்லது எந்த மாதங்களின் சராசரி விலையைக்கொண்டு விகிதம் கட்டுவது என்பதையும் அப்பொழுதே எழுதிவிட வேண்டும். பின்னர் எழுதினால், ஏறிய விலையை ஒருவரும் இறங்கிய விலையை மற்றவரும் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

கொட்டையை விற்பதா, ஆட்டுவதா?

இப்பங்கீட்டை நம்பி ஒருபோதும் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. கொட்டையை அப்படியே விற்பதா, எண்ணெய் ஆலையில் ஆட்டி எண்ணெயும் பிண்ணாக்குமாக விற்பதா என்ற முடிவே அது.

நூறு குவிண்டால் கொட்டையைத் தோல் நீக்காமல் எக்ஸ்பெல்லரில் ஆட்டினால் 12 குவிண்டால் எண்ணெயும் 84 குவிண்டால் பிண்ணாக்கும் கிடைத்து, 4 குவிண்டால் சேதாரமாகிறது என்று கொள்வோம். எண்ணெய் குவிண்டால் ரூ. 11,000, பிண்ணாக்கு குவிண்டால் ரூ. 2,500. எண்ணெயில் ரூ. 1,32,000, பிண்ணாக்கில் ரூ. 2,10,000, ஆக ரூ. 3,42,000 வருகிறது. ஆட்டும் செலவு ரூ. 30,000.

எடைப்படி கட்டிய அடக்கத்தைக் கொண்டு பார்த்தால், கொட்டைக்கு ரூ. 7,20,000, ஆட்டும் செலவு ரூ. 30,000, ஆக ரூ. 7,50,000 செலவாகி, ரூ. 4,08,000 நஷ்டம் என்று காணும். “எண்ணெய் ஆலையை மூடிவிடுவோம்” என்று தீர்மானம் வரும். உண்மை என்ன? ஆட்டாமல் விற்றால் ரூ. 3,00,000 வரும். ஆட்டினால் ரூ. 3,42,000 வரும். கூடுதல் வரவு ரூ. 42,000, கூடுதல் செலவு ரூ. 30,000. ஆட்டுவதால் ரூ. 12,000 நன்மை. ஆலையை மூடுவது தவறு.

விற்பனை மதிப்புப்படி கட்டிய அடக்கமும் இவ்விடத்தில் நம்பத்தக்கதன்று. பிண்ணாக்கு விலை குவிண்டால் ரூ. 2,300 ஆக இறங்கியது என்று கொள்வோம். இப்போது ஆட்டினால் வருவது ரூ. 3,25,200. கொட்டையின் அடக்கம் ரூ. 2,80,000, ஆட்டும் செலவு ரூ. 30,000 போக, எண்ணெய் ஆலைக் கணக்கில் ரூ. 15,200 லாபம் காணும். நிர்வாகிகள் திருப்தியடைவார்கள். ஆனால் அதே கொட்டையை ஆட்டாமல் விற்றிருந்தால் லாபம் ரூ. 20,000! ரூ. 30,000 செலவழித்து ரூ. 25,200 மட்டுமே கூடுதலாகப் பெற்றிருக்கிறார்கள். லாபக் கணக்கு காட்டிய ஆலையே சங்கத்திற்கு நூறு குவிண்டாலுக்கு ரூ. 4,800 இழப்பை உண்டாக்கியது. கொட்டையைச் சேமித்து வைத்த இடத்தில் ஈரம் பட்டுச் சூடேறினால் எண்ணெயின் புளிப்பு மிகுந்து விலையும் குறையும். அப்போது இழப்பு இன்னும் பெருகும்.

ஆகவே இந்த முடிவுக்குக் கூட்டுச் செலவே தேவையில்லை. பருத்தி அரைத்தாகிவிட்டது, கொட்டை கையில் இருக்கிறது. அதற்கு முன் ஆன செலவு, ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் மாறப்போவதில்லை. இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுக: ஆட்டுவதால் கூடுதலாக வரும் பணம் எவ்வளவு? ஆட்டுவதற்காகக் கூடுதலாகப் போகும் பணம் எவ்வளவு? இரண்டாவதில் மின்சாரம், கூலி, சாக்கு, பழுது, பணம் தாமதித்து வருவதால் ஆகும் வட்டி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஆட்டாவிட்டாலும் கொடுக்கவேண்டிய செயலாளர் சம்பளத்தைச் சேர்க்கக்கூடாது. பிண்ணாக்கு விலை வாரந்தோறும் மாறுவதால், இந்தக் கணக்கையும் பருவத்திற்கு ஒருமுறை போடுவது போதாது. ஒவ்வொரு பெரிய தொகுதியை ஆட்டுமுன்னும் போட வேண்டும்.

தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டுவன

அரவை நடத்தும் சங்கங்கள் பருவம் தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எழுதி வைத்தல் நலம். வகைதோறும் தனி அரவைக் கணக்கு வைப்பது. கழிவுப் பஞ்சு விற்ற பணத்தைக் கூட்டுச் செலவில் கழிப்பது. பஞ்சுக்கும் கொட்டைக்கும் கூட்டுச் செலவைப் பிரியும் இடத்து விற்பனை மதிப்புப்படி பங்கிடுவது. அம்மதிப்புக்கு இன்ன மாதங்களின் சராசரி விலையைக் கொள்வது. அந்த முறையை ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதிருப்பது; மாற்ற நேர்ந்தால் பழைய முறையில் வரும் லாபத்தையும் பக்கத்தில் காட்டுவது.

பொதுச் சபையில் ஐந்தொகையைப் பெறும் அங்கத்தினர், சரக்கிருப்புப் பட்டியலில் கொட்டைக்குக் குவிண்டாலுக்கு என்ன விலை கட்டியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கட்டும். அது அன்றைய சந்தை விலைக்கு மேலே இருந்தால், “இந்த அடக்கத்தை எடைப்படி கட்டினீர்களா, மதிப்புப்படி கட்டினீர்களா?” என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கு நேரான விடை கிடைத்த பின் லாப ஈவைப் பற்றிப் பேசலாம்.